பவுண் கணக்கில் அடங்காத பவுண்

எங்கள் ஊரில் நகை என்று வந்துவிட்டால் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை பவுண்?" கல்யாண வீட்டில் மணமகளின் கழுத்தைப் பார்த்தும் அதையே கேட்கிறார்கள். மஹர் பேசும்போதும் அதையே கேட்கிறார்கள். அடகுக்கடையில் கண்ணாடிக்கு அப்பால் இருப்பவரும் அதைத்தான் கேட்கிறார். நகை யார் செய்தது, எந்தக் காலத்தது, எப்படிச் செய்யப்பட்டது என்று எவரும் கேட்பதில்லை. தராசு ஓர் எண்ணைச் சொல்கிறது. அந்த எண்ணோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

பெரும்பாலான நகைகளுக்கு அந்தப் பேச்சு போதும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சில பழைய நகைகளுக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று, உருக்கினால் கிடைக்கும் தங்கத்தின் விலை. மற்றது, அந்த நகையை நகையாகவே வைத்துக்கொள்ள விரும்பும் ஒருவர் தரக்கூடிய விலை. இந்த இரண்டாவது விலையை அறியாமலே எங்கள் பெண்கள் முதலாவது விலைக்குச் சம்மதிக்கிறார்கள். பழைய நகை ஒன்று உருக்கு உலைக்குப் போவதற்கு முன்னர் அதற்கு இரண்டாவது விலை உண்டா என்று பார்த்துவிட வேண்டும் என்பதே எனது கருத்து. பார்ப்பதற்குப் பணம் தேவையில்லை. உருக்கிய பின்னர் பார்ப்பதற்கோ எதுவும் மிஞ்சாது.

முதலில் உருக்கு விலையைச் சரியாகக் கணக்கிடத் தெரிந்திருக்க வேண்டும். உயர்தரத்தில் வணிகப் பிரிவில் படிக்கும் எனக்கு இது எளிய விகிதக் கணக்காகவே தெரிகிறது. தூய தங்கம் 24 கரட். 22 கரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம், மீதி செம்பு, வெள்ளி போன்றவை. நாம் ஒரு பவுண் என்று சொல்வது 8 கிராம். தங்கத்தின் விலை நாளுக்கு நாள் மாறுவதால் கணக்குக்காக மட்டும் ஒரு விலையை எடுத்துக்கொள்வோம். 24 கரட் தங்கம் பவுண் 240,000 ரூபா என்றால் ஒரு கிராம் 30,000 ரூபா. 22 கரட் ஒரு கிராம் 27,500 ரூபா. இதழ் உங்கள் கைக்கு வரும்போது இந்த விலை மாறியிருக்கலாம், ஆனால் கணக்கு மாறாது.

இனி ஒரு பழைய பதக்கச் சங்கிலியைக் கற்பனை செய்வோம். தராசில் வைத்தால் 40 கிராம். பதக்கத்தில் கற்கள் பதித்திருக்கிறது. பழைய பதக்கங்கள் பல உள்ளே பொள்ளாகச் செய்யப்பட்டு, நசியாமல் இருப்பதற்காக அரக்கு நிரப்பப்பட்டவை. கல்லும் அரக்கும் சேர்த்து 6 கிராம் என்று வைப்போம். பதக்கத்தின் கீழே ஆங்கிலேயர் காலத்துத் தங்கக் காசு ஒன்று தொங்குகிறது. அது 8 கிராம். ஆக, காசைத் தவிர்த்துச் சங்கிலியிலும் பதக்கத்திலும் இருக்கும் தங்கம் 26 கிராம்.

இந்த 26 கிராமும் 22 கரட்டாக இருக்கும் என்று சொல்ல முடியாது. பழைய பத்தர்மார் வளையம் வளையமாகப் பற்றவைத்துச் சங்கிலி செய்தார்கள். பற்றவைக்கும் தங்கம் குறைந்த வெப்பத்தில் உருக வேண்டும். அதனால் அதில் செம்பும் வெள்ளியும் கூடுதலாக இருக்கும். நகை முழுவதையும் உருக்கினால் சராசரி கரட் குறைந்துவிடும். இந்தச் சங்கிலி 20 கரட் என்று வந்தால் ஒரு கிராம் 25,000 ரூபா, 26 கிராமுக்கு 650,000 ரூபா. காசு 22 கரட் என்பதால் அதற்கு 220,000 ரூபா. மொத்தம் 870,000 ரூபா. இதுதான் அந்த நகையின் உருக்கு விலை.

கடையில் நடப்பது பெரும்பாலும் இதுவல்ல. காசைத் தனியே எடுக்காமல் 34 கிராமையும் ஒன்றாக நிறுத்து 20 கரட் என்று கணக்கிட்டால் 850,000 ரூபாதான் வரும். இருபதாயிரம் ரூபா அங்கேயே போய்விட்டது. அந்தப் பணத்துக்குப் புதிய நகை வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் சேரும். அது 12 வீதம் என்று வைத்தால் புதிய 22 கரட் நகை கிராம் 30,800 ரூபாவாகிறது. கையில் கிடைப்பது ஏறத்தாழ 27 அரைக் கிராம். தூய தங்கமாக மாற்றிப் பார்த்தால், கொடுத்தது 29 கிராம், பெற்றது 25 கிராமளவு. "பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கினேன், கைக்காசு ஒன்றும் போகவில்லை" என்று சொல்கிறோமே, போனது இந்த நான்கு கிராம். இதில் ஏமாற்று எதுவும் இருக்க வேண்டியதில்லை. புதிய நகையைச் செய்தவருக்குக் கூலி கொடுத்தோம். பழைய நகையைச் செய்தவரின் வேலைக்கு மட்டும் விலை பூச்சியம் என்று நாமே ஏற்றுக்கொண்டோம்.

அந்தப் பூச்சியம் எப்போதும் சரியா என்பதுதான் கேள்வி. அதற்கு மிகத் தெளிவான பதில் அந்தச் சங்கிலியில் தொங்கும் காசிலேயே இருக்கிறது.

பவுண் என்ற எமது சொல்லே அந்தக் காசிலிருந்து வந்ததுதான். ஆங்கிலேயரின் சொவரின் என்னும் தங்க நாணயம் ஒரு பவுண் பெறுமதியானது. அதன் நிறை 7.988 கிராம், தரம் 22 கரட். அதில் உள்ள தூய தங்கம் 7.322 கிராம். நாம் 8 கிராமை ஒரு பவுண் என்று நிறுப்பது அந்தக் காசின் நிறையை முழு எண்ணாக்கியதால்தான். இந்தக் காசு பிரித்தானியப் பேரரசு பரவிய இடமெல்லாம் போனது. 1795இல் ஆங்கிலேயர் கைப்பற்றி, 1957 வரை தமது கடற்படைத் தளத்தை வைத்திருந்த எங்கள் திருகோணமலைத் துறைமுகத்துக்கு இப்படியான காசுகள் அந்நியமானவையல்ல. காசைச் செலவழிப்பதை விட வளையம் பற்றவைத்துக் கழுத்தில் போடுவதைத்தான் எங்கள் மூத்தம்மாமார் விரும்பினார்கள்.

இந்தக் காசுகள் எல்லாமே ஒரே நிறை, ஒரே தரம். ஆகவே உருக்கு விலையும் ஒன்றே. ஆனால் சேகரிப்போர் தரும் விலை ஒன்றல்ல. 1917ஆம் ஆண்டுக் காசை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் தலை. மறுபக்கத்தில் குதிரைமேல் ஒரு வீரன், கீழே ஆண்டு. ஆண்டுக்குச் சற்று மேலே, குதிரையின் காலடியில் நிலமாகக் காட்டப்பட்டிருக்கும் கோட்டின் நடுவில், ஊசி முனையளவு ஓர் ஆங்கில எழுத்து இருக்கலாம். பீ என்றால் அது அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் அச்சிடப்பட்டது. எஸ் என்றால் சிட்னி. இந்த இரண்டும் ஏராளமாக இருக்கின்றன. தங்கத்தின் விலைக்குச் சற்று மேலாகத்தான் விற்கும். எழுத்து எதுவும் இல்லையென்றால் அது லண்டனில் அச்சிடப்பட்டது. அப்படியான 1917ஆம் ஆண்டுக் காசு மெய்யானதாக இருந்தால், அதன் விலை தங்கத்தின் விலையைப் போலப் பல மடங்கு.

ஏன் இந்த வேறுபாடு? லண்டனில் அந்த ஆண்டு பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட காசுகள் அச்சிடப்பட்டன. அது முதலாம் உலகப் போர்க்காலம். போர்ச் செலவுக்காகத் தங்கம் அமெரிக்காவுக்குப் போனது. அந்தக் காசுகளில் மிகப் பெரும்பகுதி அங்கே உருக்கப்பட்டுக் கட்டிகளாகிவிட்டது என்பதே சேகரிப்போர் சொல்லும் காரணம். ஆக, உருக்கியவர்கள் தங்கத்தின் விலையைப் பெற்றார்கள். உருகாமல் தப்பிய சிலவற்றுக்கோ, மற்றவை உருகியதாலேயே விலை ஏறியது. பழைய நகைகளின் இரண்டாவது விலை எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை. பழமை மட்டும் விலையைத் தருவதில்லை. மீதமிருப்பவை குறைவாக இருக்க வேண்டும், அதை விரும்புவோரும் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. 1917 லண்டன் காசுக்கு மதிப்பு உண்டென்று தெரிந்த பின்னர் போலிகளும் வந்தன. அந்தப் போலிகள் பலவற்றில் இருப்பது பித்தளையல்ல, உண்மையான தங்கம். அதனால் உரைகல்லில் உரசினாலும் அவை தங்கம் என்றே வரும். எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருப்பது, மேற்பரப்பில் சிறு குமிழ்கள் இருப்பது, நிறையோ விட்டமோ சற்று மாறுபடுவது போன்றவற்றால்தான் அறிந்தவர்கள் அவற்றைக் கண்டுபிடிக்கிறார்கள். மெய்யான காசின் விட்டம் 22.05 மில்லிமீற்றர். ஆகவே எழுத்தில்லாத 1917 காசு ஒன்று வீட்டில் இருந்தால் துள்ளிக் குதிக்கவும் வேண்டாம், உருக்கவும் வேண்டாம். நாணயம் அறிந்த ஒருவரிடம் காட்டும் வரை அப்படியே வைத்திருங்கள்.

இன்னொரு கசப்பான உண்மையும் உண்டு. காசில் வளையம் பற்றவைத்தால் அதன் விளிம்பு உருகிச் சேதமடைகிறது. பிறகு வளையத்தை வெட்டி எடுத்தாலும் தழும்பு போகாது. சேகரிப்போர் அதைப் பார்த்தவுடனே விலையை வெகுவாகக் குறைப்பார்கள். சாதாரண ஆண்டுக் காசானால் அது உருக்கு விலைக்கே இறங்கிவிடும். எங்கள் வீடுகளில் உள்ள காசுகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. காசைத் துளைக்காமல், சுற்றிவரத் தங்கச் சட்டம் போட்டுப் பிடித்திருந்தால் அதிர்ஷ்டம். சட்டத்தைக் கழற்றினால் காசு காசாகவே இருக்கும். பதக்கத்துக்குக் காசு வைக்க விரும்புகிறவர்கள் பத்தரிடம் சட்டம் கேட்பது நல்லது.

காசுக்கு ஆண்டும் எழுத்தும் இருப்பதால் எது அரியது என்று சொல்வது எளிது. சங்கிலிக்கும் தோட்டுக்கும் காப்புக்கும் ஆண்டு எழுதப்பட்டிருக்காது. அங்கே நகையே சாட்சி சொல்ல வேண்டும். அந்தச் சாட்சியைக் கேட்கப் பத்து மடங்கு பெருப்பித்துக் காட்டும் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி போதும்.

நகையின் முன்பக்கத்தைப் பார்ப்பதற்கு முன் பின்பக்கத்தைப் பாருங்கள். முன்பக்கம் பிறருக்காகச் செய்யப்பட்டது. செய்தவரின் கை பின்பக்கத்தில்தான் தெரியும். கையால் இழுத்த கம்பியின் தடிப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இராது. கையால் வைத்த சிறு தங்க மணிகளும் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வேறுபடும். தோட்டின் சுரையும் அதன் திருகும் கையால் வெட்டப்பட்டிருந்தால் ஒரு தோட்டின் சுரை மற்றத் தோட்டுக்குச் சரியாகப் பொருந்தாது. அச்சில் வார்த்த நகையிலோ இடது வலது இரண்டும் ஒரே பிழையைக் கூட ஒரே இடத்தில் கொண்டிருக்கும். வார்த்ததால் வரும் நுண்ணிய துளைகளும் தெரியும். பிறகு தேய்வைப் பாருங்கள். ஐம்பது அறுபது ஆண்டு கழுத்தில் கிடந்த சங்கிலி, வளையங்கள் ஒன்றோடொன்று உரசும் உட்பக்கத்தில்தான் தேய்ந்திருக்கும். பழையது போலக் காட்டச் செய்த நகை வெளிப்பக்கத்தில் மட்டும் மங்கியிருக்கும். 916 என்று முத்திரை குத்தியிருந்தால் அது பெரும்பாலும் அண்மைக் காலத்து நகை. முத்திரையே இல்லை என்பதால் தரம் குறைவென்று நினைக்க வேண்டியதும் இல்லை. பழைய பத்தர்மாரின் நகைகளில் முத்திரை இல்லாதவையே அதிகம்.

இவற்றோடு ஒரு பிரதேசத்துக்கே உரிய வகையாக அது இருந்தால் இன்னும் நல்லது. கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்கள் காது மடல் நெடுகக் குத்திப் போட்ட அல்லுக்குத்தை இன்று எத்தனை பேரின் காதில் காண்கிறோம்? அணிபவர்கள் குறைந்ததும் அவை உருக்கப்பட்டன. உருக்கப்பட்டதால் மிஞ்சியவை குறைந்தன. கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட பெரிய நூலில் கண்டிப் பிரதேசத்துக் கைவினைஞர்களின் தொழில்களைப் பதிவு செய்தார். தங்க வேலையும் அதில் அடங்கும். அப்படிப் பதிவான நகை வகைகளைச் சேகரிப்போர் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். எழுதப்படாத எங்கள் நகைகளை எவரும் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. இரண்டாவது விலை அறிவிலிருந்தும் பிறக்கிறது என்பதற்கு இதுவும் ஓர் அடையாளம்.

நகையோடு அதன் வரலாறும் வர வேண்டும். இதற்கு எமது நாட்டிலேயே அண்மையில் ஒரு பெரிய எடுத்துக்காட்டுக் கிடைத்தது. 1765இல் ஒல்லாந்தர் கண்டியைத் தாக்கியபோது கொண்டுபோன பொருட்களில் ஆறு, ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருந்தன. கண்டி அரசின் தங்க வாளொன்றும், வெள்ளி வாளொன்றும், புகழ்பெற்ற சிறு பீரங்கியும் அவற்றில் அடங்கும். அவை எங்கிருந்து, எப்படி, எவர் கையால் போயின என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வின் பின்னரே அவை 2023 டிசம்பரில் இலங்கைக்குத் திரும்பி வந்தன. அந்த வாளில் எத்தனை பவுண் தங்கம் இருக்கிறது என்று இரு நாடுகளில் எவரும் வாதாடவில்லை. அது எங்கிருந்து வந்தது என்பதே அதன் பெறுமதி. எங்கள் வீட்டு நகை அரச வாளல்லதான். ஆனாலும் "இது யாருடையது, எந்த ஆண்டுக் கல்யாணத்தில் போட்டது, எந்த ஊர்ப் பத்தர் செய்தது" என்று எழுதிய ஒரு தாளும், அதை அணிந்தவரின் பழைய புகைப்படமும் இருந்தால், பெயரில்லாத ஒரு நகை வரலாறுள்ள நகையாகிறது. அந்த விபரங்களைச் சொல்லக்கூடியவர்கள் எங்கள் உம்மம்மாமார். தராசைப் போல அவர்கள் எப்போதும் எம்மோடு இருக்கமாட்டார்கள்.

இரண்டாவது விலையைக் கெடுப்பதும் பெரும்பாலும் நாமேதான், அதுவும் நல்ல எண்ணத்தோடு. பெருநாளைக்கு முன் கடையில் கொடுத்து மெருகு போடுகிறோம். அதில் நுண்ணிய வேலைப்பாடும் காலம் தந்த நிறமும் சேர்ந்தே போகின்றன. விழுந்த கல்லுக்குப் பதிலாகப் பளிச்சென்ற புதுக் கல்லை வைக்கிறோம். தேய்ந்த கொளுக்கியை எறிந்துவிட்டு இயந்திரக் கொளுக்கி போடுகிறோம். எல்லாவற்றிலும் மோசமானது பங்கு பிரிப்பது. இரண்டு பெண்பிள்ளைகள் இருந்தால் ஒரு பெரிய பதக்கச் சங்கிலியை வெட்டி இரண்டு சங்கிலியாக்குவதை நான் உறவு வீடொன்றில் பார்த்திருக்கிறேன். நிறையில் அது நீதிதான். ஆனால் முழு நகைக்கு இருந்த இரண்டாவது விலை இரண்டு துண்டுகளில் எதற்கும் இல்லை. ஒரு பிள்ளை நகையை எடுத்துக்கொண்டு, மற்றப் பிள்ளைக்கு அதன் பங்கை வேறு தங்கமாகவோ பணமாகவோ கொடுத்தால் இருவரின் உரிமையும் நிற்கும், நகையும் நிற்கும்.

எனது கருத்துக்கு எதிராகச் சொல்லப்படுவதும் நியாயமானதுதான். "தங்கம் எங்களுக்கு ஆபத்துக்கு உதவும் பணம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு நிற்கும்போது சேகரிப்பவரைத் தேடி எங்கே போவது?" என்று உம்மா கேட்டார். 2022இன் நெருக்கடியில் எத்தனை வீட்டு நகைகள் அடகுக்கடைக்குப் போயின என்பதை நாம் எல்லோரும் கண்டோம். உருக்கு விலையின் பெரிய நன்மை அதுதான். நாட்டின் எந்த ஊரிலும், எந்த நாளிலும், பத்து நிமிடத்தில் அது கிடைக்கும். சேகரிப்போர் விலை அப்படியல்ல. அதைத் தரக்கூடியவரைக் கண்டுபிடிக்க மாதங்கள் ஆகலாம். ஏலத்தில் விட்டால் ஏலம் நடத்துபவருக்குத் தரகு கொடுக்க வேண்டும். ஒருவர் மட்டுமே விரும்பினால் விலை ஏறாது. ஆகவே உருக்கு விலையை நிலம் என்றும் சேகரிப்போர் விலையை மரத்தில் உள்ள காய் என்றும் சொல்லலாம். நிலம் எப்போதும் காலடியில் இருக்கிறது. எல்லா மரமும் காய்ப்பதில்லை.

ஆனால் இந்தக் காரணத்தாலேயே ஒன்றைச் சொல்கிறேன். அடகுக்கடை எந்த நகைக்கும் தங்கத்தின் விலையைப் பார்த்தே கடன் தருகிறது. பழைய அரிய பதக்கத்துக்கும் போன வருடம் வாங்கிய சங்கிலிக்கும் அங்கே கிராமுக்கு ஒரே கணக்கு. பழைய நகையில் கரட் குறைந்தால் கடனும் குறைகிறது. மீட்க முடியாமல் போனால் நகை ஏலத்துக்குப் போய், அங்கிருந்து உலைக்குப் போகும் வாய்ப்பே அதிகம். அப்படியானால் அவசரத்துக்கு முதலில் போக வேண்டியது புதிய நகை. அது போனால் அதே நிறையில் இன்னொன்று வாங்கலாம். நாங்கள் செய்வதோ தலைகீழ். "பழசுதானே, யாரும் போடுவதில்லை" என்று பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை வைத்திருக்கிறோம்.

விற்பதென்று முடிவெடுத்தாலும் சட்டத்தை மறக்கக்கூடாது. இலங்கையின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1940ஆம் ஆண்டு வந்தது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமான 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருட்களை அது தொல்பொருட்களாகக் கருதுகிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. எங்கள் வீட்டு நகைகளில் பெரும்பாலானவை அவ்வளவு பழையவையல்ல. எனினும் நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் வரும் வெளிநாட்டவர் ஒருவர் மிகப் பழைய நகையொன்றைக் கையோடு வாங்கிப் போக விரும்பினால், தொல்பொருள் திணைக்களத்திடம் கேட்காமல் கொடுக்க வேண்டாம். மண்ணில் கண்டெடுத்த பொருளென்றால் அது விற்பனைப் பேச்சுக்கே உரியதல்ல.

ஆகவே தாய்மாருக்கும் என் வயதுத் தோழிகளுக்கும் நான் சொல்வது சிறிய வேலைதான். வீட்டில் உள்ள பழைய நகைகளை ஒரு நாள் வெள்ளைத் துணியில் பரப்புங்கள். மெருகு போடாமல், கழுவாமல், முன்னும் பின்னும் படம் எடுங்கள். நிறையைக் குறியுங்கள். காசு இருந்தால் ஆண்டையும், அதன் மேலுள்ள எழுத்தையும் எழுதுங்கள். யாருடைய நகை என்று மூத்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். பிறகு பத்தர் ஒருவரிடமும், பழைய பொருள் அல்லது நாணயம் அறிந்த ஒருவரிடமும் காட்டுங்கள். வாங்க விரும்புபவரே விலை மதிப்பிடுபவராக இருக்கக்கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பத்து நகையைப் பார்த்தால் ஒன்பது வெறும் தங்கமாகவே இருக்கலாம். அவற்றை விற்கவோ மாற்றவோ தயங்க வேண்டியதில்லை, கணக்கைச் சரியாகப் பார்த்தால் போதும். பத்தாவது நகைக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். ஒரு பவுண் தங்கத்தை நாளைக்கும் வாங்கலாம். உருகிப்போன அல்லுக்குத்தை எத்தனை பவுண் கொடுத்தாலும் திரும்ப வாங்க முடியாது.